சித்திரைப் புத்தாண்டுக்கு ஊர்ப் பெரியவரின் பிரார்த்தனைக் காணொளி: எழுதுவது எப்படி

எங்களுடையது யாழ்ப்பாணத்து வடமராட்சியில் ஒரு சின்ன ஊர். 1983க்குப் பிறகு வீட்டுக்கு வீடு ஆட்கள் வெளிக்கிட்டு, இன்றைக்கு சிட்னியிலிருந்து ரொறன்ரோ வரை பரந்து கிடக்கிறார்கள். பிள்ளையார் கோயில் அறங்காவலர் சபைத் தலைவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். ஊரே அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடும். சித்திரைப் புத்தாண்டுக்கு அவர் பேசி அனுப்பும் பிரார்த்தனைக் காணொளிக்கு எழுதிக்கொடுப்பது என் வேலை. உங்கள் ஊரில் இதை முதல்முறை செய்யப்போகிறவர்களுக்காக, நாங்கள் செய்யும் ஒழுங்கிலேயே சொல்கிறேன்.

எழுதத் தொடங்க முன் இரண்டு பட்டியல்

முதல் பட்டியல், ஊர்க் குடும்பங்கள் எந்தெந்த இடங்களில் இருக்கிறார்கள் என்பது. இதை ஞாபகத்தில் இருந்து எழுதவேண்டாம். எங்கள் மாஸ்டர் ஞாபகத்தில் இருந்து சொன்னபோது கனடா, லண்டன், சுவிஸ் என்று தன் சொந்தக்காரர் இருக்கும் நாடுகள்தான் முதலில் வந்தன. கோயில் பற்றுச்சீட்டுப் புத்தகத்தின் அடிக்கட்டைகளைப் புரட்டிப் பாருங்கள். அர்ச்சனைக்கும் அன்னதானத்துக்கும் காசு அனுப்பியவர்களின் பெயருக்குப் பக்கத்தில் இடமும் எழுதியிருக்கும். அப்படிப் பார்த்துத்தான் கட்டாரில் வேலை செய்யும் நாலு பிள்ளைகள் எங்கள் கண்ணில் பட்டார்கள். அதற்கு முதல் வருஷம் வரை எந்தச் செய்தியிலும் அவர்களுடைய நாட்டின் பெயர் வந்ததே இல்லை. கொழும்பையும் சென்னையையும், ஊரிலேயே இருக்கிறவர்களையும் சேர்க்க மறக்காதீர்கள். காணொளியை அவர்களும் பார்ப்பார்கள்.

இரண்டாவது பட்டியல் துக்க வீடுகள். ஒரு வருஷத்துக்குள் சாவு நடந்த வீட்டில் ஆண்டுத்திவசம் முடியும்வரை வருஷம் கொண்டாடமாட்டார்கள். அப்படிப்பட்ட ஒரு வீட்டுக்குள் "எல்லோரும் புத்தாடை உடுத்து, பலகாரம் சுட்டு, மகிழ்ச்சியாகக் கொண்டாடுங்கள்" என்ற குரல் போய்ச் சேர்ந்தால் அந்த வீட்டுக்காரர் காணொளியை அந்த இடத்திலேயே நிறுத்திவிடுவார். இந்தப் பட்டியல் வாசிப்பதற்கு இல்லை, உங்களுக்காக மட்டும். இறந்தவர்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லப்போனால் ஒரு பெயராவது விடுபடும். விடுபட்ட பெயருக்குரிய குடும்பத்துக்கு அது ஆறாத காயமாகிவிடும். பெயர் சொல்லாமல் எல்லா வீட்டையும் தொடுகிற ஒரு வசனம் போதும். ஆனால் எத்தனை வீடு, யார் யாரை இழந்தார்கள் என்று தெரிந்துகொண்டு அந்த வசனத்தை எழுதுங்கள். தாயை இழந்த வீடுகள் அதிகமான வருஷத்தில் "தாயை" என்ற சொல்லை முதலில் வைப்பேன்.

நேரக் கணக்கு

இதில்தான் புதியவர்கள் அதிகம் சறுக்குவார்கள். வருஷப்பிறப்பு என்பது சூரியன் மேட ராசிக்குள் போகும் ஒரு கணம். அந்தக் கணம் உலகம் முழுவதற்கும் ஒன்றுதான். கடிகாரமும் தேதியும்தான் இடத்துக்கு இடம் மாறும். ஒரு உதாரணத்துக்கு, இலங்கையில் ஏப்ரல் 14 அதிகாலை 2 மணிக்கு வருஷம் பிறக்கிறது என்று வைப்போம். ஏப்ரல் மாதத்தில் ரொறன்ரோ எங்களுக்கு ஒன்பதரை மணித்தியாலம் பின்னால் இருக்கிறது. அங்கே அப்போது 13ஆம் தேதி பின்னேரம் நாலரை. லண்டனில் 13ஆம் தேதி இரவு ஒன்பதரை, பாரிசிலும் சூரிச்சிலும் ஒஸ்லோவிலும் பத்தரை. சிட்னி எங்களுக்கு நாலரை மணித்தியாலம் முன்னால், ஆகவே 14ஆம் தேதி காலை ஆறரை.

மாஸ்டர் "காலை வணக்கம், இன்று அதிகாலை புத்தாண்டு பிறந்துள்ளது" என்று தொடங்கினால் வெளிநாட்டில் சிட்னிப் பக்கத்தவர்களுக்கு மட்டும் அது ஓரளவு பொருந்தும். ரொறன்ரோவில் வேலை முடிந்து பஸ்ஸில் வருகிறவருக்கு இன்னும் 13ஆம் தேதி பின்னேரம்தான், அது பொருந்தாது. ஆகவே காலை, மாலை, இன்று, நாளை, நேற்று ஆகிய ஐந்து சொற்களும் எழுத்தில் எங்கே வந்தாலும் வெட்டிவிடுங்கள். "பிறக்கிறது" என்று நிகழ்காலத்தில் எழுதினால் எந்த நேரத்தில் திறந்தாலும் சரியாக இருக்கும்.

வருஷம் பிறக்கும் மணி நிமிடத்தையும் காணொளியில் சொல்லவேண்டாம் என்பது என் கருத்து. வாக்கிய பஞ்சாங்கமும் திருக்கணித பஞ்சாங்கமும் ஒரே நேரத்தைத் தருவதில்லை. வெளிநாட்டுக் கோயில்கள் தங்கள் நேரத்தைத் தாங்களே அறிவிப்பார்கள். மாஸ்டர் ஒரு நேரத்தைச் சொல்ல, அங்கே ஐயர் வேறொரு நேரத்தைச் சொல்ல, அந்த வீட்டுப் பெரியவர்கள் எதைப் பிடிப்பது என்று தெரியாமல் நிற்பார்கள். நேரம் சொல்லியே ஆகவேண்டும் என்று கோயில் சபை விரும்பினால், எந்தப் பஞ்சாங்கம் என்ற பெயரோடு தனிச் செய்தியாக அனுப்புங்கள்.

வருஷத்தின் பெயரைச் சொல்லுங்கள், விளக்கம் கொடுக்காதீர்கள். அறுபது வருஷப் பெயர்களில் சிலவற்றின் பொருள் நல்வாழ்த்துக்கு ஏற்றதாக இருக்காது. 2024இல் பிறந்தது குரோதி, 2026இல் பராபவ. கோபமும் தோல்வியும் எங்கள் வீட்டுக்கு என்ன செய்தி என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்வதிலேயே பிரார்த்தனை தொலைந்துபோகும்.

எத்தனை சொல்?

மூன்று நிமிஷத்துக்கு மேல் போகவேண்டாம். மாஸ்டர் நிதானமாக வாசித்தால் நிமிஷத்துக்கு ஏறக்குறைய எண்பது சொல் வரும். உங்கள் பெரியவரின் வேகம் வேறாக இருக்கலாம். ஒரு பத்தியைக் கொடுத்து, கடிகாரம் வைத்து வாசிக்கச் சொல்லி எண்ணிப் பாருங்கள். மூன்று நிமிஷத்தில் பாட்டுக்கு நாற்பது விநாடியும், மௌனத்துக்கும் கோயில் மணிக்கும் ஒரு பதினைந்து விநாடியும் எடுத்தால், பேச்சுக்கு மிஞ்சுவது ஏறக்குறைய இரண்டு நிமிஷம், அதாவது நூற்றைம்பது, நூற்றறுபது சொல். முதல் வருஷம் நான் எழுதிக்கொண்டு போனது அறுநூறு சொல்லுக்கு மேல். வாசித்து முடிக்க எட்டு நிமிஷம் எடுத்தது. பாதியில் மாஸ்டருக்கே இருமல் வந்துவிட்டது.

தாளில் ஒரு வரிக்கு ஒரு மூச்சு என்று எழுதுங்கள். மூச்சு வாங்கும் இடத்தில் வரி முடியவேண்டும். வசனத்தின் நடுவில் வரி உடைந்தால் வயதானவர்கள் அங்கேயே நிறுத்தி, அடுத்த வரியைத் தேடுவார்கள். கமராவில் அது நன்றாகத் தெரியும். இடதுபக்கம் என்ன படம் தெரியவேண்டும் என்றும், வலதுபக்கம் என்ன குரல் கேட்கவேண்டும் என்றும் இரண்டு நிரலாகப் பிரித்துக்கொண்டால் படம் எடுக்கிற பிள்ளைக்கும் அதே தாள் உதவும்.

யாரை, எப்படிக் கூப்பிடுவது?

"புலம்பெயர் உறவுகளே" என்று தொடங்கும் பழக்கம் எங்களுக்கும் இருந்தது. அதை விட்டுவிட்டோம். ஒஸ்லோவில் பிறந்து வளர்ந்த பிள்ளை எங்கிருந்தும் பெயரவில்லை. அது அவளுடைய ஊர். மாஸ்டர் தன்னிடம் படித்தவர்களையும் அவர்களின் பேரப்பிள்ளைகளையும் ஒரே சொல்லில் கூப்பிடலாம்: "பிள்ளைகள்." நேரில் கண்டாலும் அவர் அப்படித்தான் கூப்பிடுவார். உங்கள் பெரியவர் நேரில் என்ன சொல்லிக் கூப்பிடுவாரோ அதையே எழுதுங்கள். மேடைக்குரிய அடுக்குச் சொல்லை அவர் வாயில் வைத்தால் முகம் இறுகிவிடும்.

வணக்கத்துக்கும் கும்பிடலுக்கும் இடையில் ஊரில் இருந்து ஒன்றிரண்டு காட்சியைக் கொடுங்கள். "ஊர் உங்களை நினைக்கிறது" என்பதைவிட, மேற்கு வீதி வேம்பு பூத்திருக்கிறது என்ற செய்தி நேராகப் போய்ச் சேரும். சித்திரையில் வேப்பம்பூ கொட்டும் என்பது அவர்களுக்குத் தெரியும், வாசனையும் தெரியும். படத்தில் கட்டாயம் அந்த மரத்தைக் காட்டவேண்டும். சொல்லிவிட்டுக் காட்டாமல் விட்டால் ஏமாற்றமாக இருக்கும்.

பிரார்த்தனைப் பகுதி

வாழ்த்து வேறு, பிரார்த்தனை வேறு. வாழ்த்தில் மாஸ்டர் மக்களோடு பேசுகிறார். பிரார்த்தனையில் அவர் பிள்ளையாரோடு பேசுகிறார், மக்கள் அவர் பக்கத்தில் நிற்கிறார்கள். இந்த மாற்றம் எழுத்திலும் படத்திலும் ஒரே இடத்தில் நடக்கவேண்டும். எழுத்தில் "உங்களுக்கு" என்பது போய் "பிள்ளையாரே" என்று வரும். படத்தில் மாஸ்டர் கமராவில் இருந்து முகத்தைத் திருப்பி மூலஸ்தானத்தை நோக்குவார். கமரா மூலஸ்தானத்துக்குள் போகாது. பல கோயில்களில் அதைப் படம் எடுக்க விடமாட்டார்கள். குருக்களிடம் முன்கூட்டியே கேட்டுவிட்டு, மாஸ்டரின் பக்கவாட்டு முகத்தையும் கூப்பிய கையையும் மட்டும் எடுங்கள். "உங்கள் அனைவருக்கும் இறைவன் அருள் புரியட்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்" என்று கமராவைப் பார்த்தே சொல்லிக்கொண்டு போனால், கேட்கிறவர் கும்பிடமாட்டார், பார்த்துக்கொண்டுதான் இருப்பார்.

இடங்களை எந்த ஒழுங்கில் சொல்வது என்பது எங்களுக்குப் பெரிய பிரச்சினையாக இருந்தது. கனடாவை முதலில் சொன்னால் லண்டன்காரர் மனம் நோவார். காசு அதிகம் அனுப்பும் நாட்டை முன்னால் வைத்ததாகக் கதை வரும். ஆகவே சூரியனின் ஒழுங்கில் வைத்தோம். எங்கே முதலில் விடிகிறதோ அந்த இடம் முதலில் வரும். சிட்னி, மெல்பேர்ன், பிறகு ஊரும் கொழும்பும் சென்னையும், பிறகு கட்டார், ஒஸ்லோ, சூரிச், பாரிஸ், லண்டன், கடைசியில் ரொறன்ரோ. அதற்குப் பிறகு ஒழுங்கைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

வேண்டுதல்களை அந்த வீடுகளில் உண்மையாக நடப்பதில் இருந்து எடுங்கள். "சகல செல்வங்களும் பெற்று" என்று தொடங்கும் வரி யாருக்கும் சொந்தமில்லை. இரவு வேலை, விசாவுக்குக் காத்திருத்தல், தனியாக இருக்கும் வயதானவர்கள், காணாமற்போன பிள்ளைக்காகக் காத்திருக்கும் தாய். இப்படி நாலு அல்லது ஐந்து போதும். கடைசி வேண்டுதல் எங்கள் ஊரில் இன்னும் மூன்று வீட்டுக்கு உரியது. அதை விட்டுவிட்டு ஒரு வருஷமும் நான் எழுதுவதில்லை. அரசியல் பேச்சாக்காமல், அந்தத் தாய் கேட்கும் சொல்லிலேயே எழுதுகிறேன். அவர் கேட்பது ஒரு பதில்.

திருப்பணிக்குக் காசு கேட்கும் வரி இதில் வரக்கூடாது. ஒருமுறை கடைசியில் வங்கிக் கணக்கு இலக்கத்தைப் போட்டோம். அந்த வருஷம் காணொளியைத் தங்கள் பிள்ளைகளுக்கு அனுப்பியவர்கள் மிகக் குறைவு. ஒரு அக்கா தொலைபேசியில் சொன்னார்: "தம்பி, கும்பிட்ட கையை எடுக்க முதல் தட்டை நீட்டிப்போட்டியள்." அதற்குப் பிறகு திருப்பணிச் செய்தி வைகாசியில் தனியாகப் போகிறது.

முழு எழுத்து

2027 ஏப்ரலில் பிறக்கும் பிலவங்க வருஷத்துக்கு நான் எழுதி வைத்திருப்பது இது. உங்கள் ஊருக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

0:00. படம்: கோயில் வாசல், விடியும் வெளிச்சம். ஒலி: மணி மூன்று தரம்.

0:08. படம்: மாஸ்டர், கமராவைப் பார்த்து.
"வணக்கம் பிள்ளைகள்.
பிள்ளையார் கோயில் வாசலில் நின்று பேசுகிறேன்.
பிலவங்க வருஷம் பிறக்கிறது.
நீங்கள் வீட்டில் இருக்கலாம், வேலைக்குப் போகிற வழியில் இருக்கலாம்.
எங்கே என்றாலும் மூன்று நிமிஷம் என்னோடு இருங்கள்."

0:32. படம்: கேணி, பிறகு மேற்கு வீதி வேம்பு.
"கேணியில் இன்னும் தண்ணீர் நிற்கிறது.
மேற்கு வீதி வேம்பு பூத்துக் கொட்டுகிறது.
காலையில் கூட்டினால் பின்னேரம் திரும்பவும் நிறைந்துவிடும்."

0:47. படம்: மாஸ்டர்.
"தாயை, தகப்பனை, கூடப்பிறந்தவரை இழந்த வீடுகள் இருக்கின்றன.
இந்த வருஷம் நீங்கள் கொண்டாடமாட்டீர்கள், தெரியும்.
உங்களையும் நினைத்துத்தான் கும்பிடுகிறோம்.
விளக்கு இருந்தால் ஏற்றுங்கள்.
இல்லாவிட்டால் கையைக் கூப்பினால் போதும்."

1:10. படம்: மாஸ்டர் திரும்புகிறார், பக்கவாட்டு முகம். மூன்று விநாடி மௌனம்.
"பிள்ளையாரே,
சிட்னியிலும் மெல்பேர்னிலும் முதலில் விடிகிற வீடுகளைப் பார்த்துக்கொள்.
ஊரிலும் கொழும்பிலும் சென்னையிலும் உள்ளவர்களைப் பார்த்துக்கொள்.
கட்டாரில் வேலை செய்கிற பிள்ளைகளை,
ஒஸ்லோ, சூரிச், பாரிஸ், லண்டன் வீடுகளை,
ரொறன்ரோவில் கடைசியாக விடிகிற வீடுகளைப் பார்த்துக்கொள்.
நான் சொல்லாமல் விட்ட வீடு எது என்று உனக்குத் தெரியும்.
இரவு வேலை செய்கிறவர்களுக்கு உடம்பில் பலம் கொடு.
விசாவுக்குக் காத்திருக்கிறவர்களுக்கு நல்ல கடிதம் வரச்செய்.
தனியே இருக்கிற வயதானவர்களுக்குப் பேச்சுத்துணை கொடு.
பிள்ளையைத் தேடுகிற தாய்மாருக்கு ஒரு பதில் கொடு."
மூன்று விநாடி மௌனம்.

2:12. படம்: வசந்த மண்டபத்தில் ஊர்ப் பெண்கள். பாட்டு: "வான்முகில் வழாது பெய்க."

2:52. படம்: மாஸ்டர், கமராவைப் பார்த்து.
"பெரியவர்கள் பக்கத்தில் இருந்தால் கைவிசேஷம் வாங்குங்கள்.
தூரத்தில் இருந்தால் ஒரு கோல் எடுங்கள்.
சுகமாக இருங்கள் பிள்ளைகள்."

மூன்று நிமிஷத்தை ஐந்தாறு விநாடி தாண்டும், அது பரவாயில்லை. மேலே வெட்டச் சொன்ன "காலை" இதில் ஒருமுறை வருகிறது. அது ஊரின் காலை, பார்க்கிறவரின் நேரத்தோடு அது மோதாது. விளக்கு பற்றிய இரண்டு வரியையும் காரணத்தோடுதான் வைத்திருக்கிறேன். வாடகை அறையில் இருக்கும் மாணவர்கள் விளக்கேற்றினால் புகை எச்சரிக்கை மணி அடிக்கக்கூடும். மருத்துநீர் வைத்து முழுகச் சொல்வதும் அப்படித்தான். கோயில் பக்கத்தில் இல்லாதவருக்கு அது கிடைக்காது. எந்த வீட்டிலும் செய்யக்கூடியதை மட்டும் கேளுங்கள். பாட்டுக்கு கந்தபுராண வாழ்த்தை வைத்ததற்குக் காரணம், எங்கள் கோயில்களில் பூசை முடிவில் பாடிப் பாடி அது எல்லோருக்கும் மனப்பாடம். காணொளியோடு சேர்ந்து வாய்விட்டுப் பாடுவார்கள்.

எடுப்பதும் அனுப்புவதும்

காலைப் பூசைக்கு முன், காற்று எழும்ப முதல் எடுங்கள். வெளியே தொலைபேசியின் மைக்கை மட்டும் நம்பினால் காற்றின் இரைச்சல்தான் கேட்கும். சட்டையில் குத்தும் சின்ன மைக் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். எழுத்தைப் பெரிதாக அச்சடித்து, மட்டையில் ஒட்டி, தொலைபேசியின் கமராக் கண்ணுக்கு ஒட்டினாற்போல ஒருவர் பிடிக்கவேண்டும். ஒரு சாண் தள்ளிப் பிடித்தாலும் மாஸ்டர் வேறு யாரையோ பார்ப்பதுபோலத் தெரியும்.

தமிழ் கேட்டால் விளங்கும் ஆனால் முழுதாகப் பிடிபடாது என்ற நிலையில் உள்ள பிள்ளைகளுக்கு எழுத்துவரி வேண்டும். யூடியூபில் ஒரே காணொளிக்கு ஒவ்வொரு மொழிக்கும் ஒரு கோப்பு ஏற்றலாம். பிரெஞ்சு பாரிசில் உள்ள பிள்ளையும், நோர்வேஜியன் ஒஸ்லோவில் உள்ள பிள்ளையும் செய்து தருகிறார்கள். முதலில் நீங்கள் தமிழில் நேரத்தோடு ஒரு கோப்பைச் செய்து கொடுத்தால், அவர்கள் வரிகளை மட்டும் மாற்றுவார்கள். அமைப்பு இதுதான்:

```
1
00:00:08,000 --> 00:00:10,000
வணக்கம் பிள்ளைகள்.

2
00:00:10,000 --> 00:00:14,000
பிள்ளையார் கோயில் வாசலில் நின்று பேசுகிறேன்.
```

கோப்பின் பெயர் `.srt` என்று முடியவேண்டும். சேமிக்கும்போது `UTF-8` என்று தெரிவு செய்யுங்கள், இல்லாவிட்டால் தமிழ் எழுத்து சிதைந்து தெரியும். "பிள்ளையார்", "கைவிசேஷம்" ஆகிய சொற்களை மொழிபெயர்க்காமல் அப்படியே அவர்களின் எழுத்தில் எழுதச் சொல்லுங்கள். வீட்டில் கேட்கும் சொல்லைத் திரையிலும் கண்டால் பிள்ளைக்கு உடனே பிடிபடும்.

அனுப்பும்போது வட்ஸ்அப்பில் காணொளியாகப் போட்டால் அது சுருக்கிவிடும், முகம் மங்கிப்போகும். டொக்கியுமென்டாக அனுப்புங்கள், அல்லது யூடியூப் இணைப்பைப் போடுங்கள். சிட்னியில் விடிவதற்கு முன் போய்ச் சேரவேண்டும் என்றால், இலங்கை நேரப்படி 13ஆம் தேதி இரவு பத்து மணிக்குள் அனுப்பிவிடவேண்டும். அப்போது அங்கே அதிகாலை இரண்டரை. ஆட்கள் எழும்பும்போது தொலைபேசியில் இருக்கும். ரொறன்ரோவில் அப்போது 13ஆம் தேதி மதியம் பன்னிரண்டரை, சாப்பாட்டு நேரம். வட்ஸ்அப் இல்லாத வயதானவர்கள் எங்கள் பட்டியலில் ஆறு பேர். அவர்களுக்கு யார் வீட்டுக்குப் போய்க் காட்டுவது என்று ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஒரு ஆளின் பெயரை முன்கூட்டியே எழுதிவைக்கிறோம்.